பில் வந்த பிறகு பெயரையும் வரி எண்ணையும் மாற்றுவது எப்படி?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான். இணையத்தில் ஒரு மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறீர்கள். பணம் போய்விட்டது, இன்வாய்ஸ் மின்னஞ்சலுக்கு வந்துவிட்டது. திறந்து பார்த்தால் கம்பெனி பெயருக்குப் பதிலாக உங்கள் சொந்தப் பெயர் இருக்கிறது. வரி எண் இருக்க வேண்டிய இடம் காலி. அந்த பில்லை வைத்துக்கொண்டு, வாங்கும்போது கட்டிய வரியை, அதாவது உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். இனி என்ன செய்வது?

பெரும்பாலானவர்கள் உடனே கணக்கின் அமைப்புகளுக்குள் போய், பில்லிங் விவரத்தில் கம்பெனி பெயரையும் வரி எண்ணையும் நிரப்பிச் சேமிக்கிறார்கள். பிறகு பழைய பில்லை மறுபடி டவுன்லோட் செய்கிறார்கள். அதே பழைய பெயர்தான் வருகிறது. இணையதளத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து மூன்று தடவை முயற்சி செய்பவர்களும் உண்டு. கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் சேமித்த விவரம் இனி வரப்போகும் பில்களுக்கு மட்டுமே. ஏற்கெனவே எண் போட்டு வெளியான பில், வெளியான நேரத்தில் என்ன விவரம் இருந்ததோ அப்படியே உறைந்துவிடும். நல்ல பில்லிங் மென்பொருள் எதுவுமே அதைத் திருத்த விடாது.

ஏன் விடாது என்று புரிந்தால்தான் சரியான ஆளிடம் சரியானதைக் கேட்க முடியும். அந்த பில் உங்களுக்கு மட்டும் வந்த காகிதம் கிடையாது. அதே பில்லை விற்பவர் தன் விற்பனைக் கணக்கில் ஏற்றியிருப்பார், அதற்கான வரியையும் கணக்குக் காட்டியிருப்பார். ஜிஎஸ்டி போன்ற முறைகளில் ஒவ்வொரு பில்லும் வாங்கியவரின் எண்ணோடு சேர்ந்துதான் வரித் துறைக்குப் போகிறது. வரி எண் இல்லாத பில் சாதாரண நுகர்வோர் விற்பனையாகப் போய்விடும். இப்போது உங்கள் கையில் உள்ள பிடிஎஃப்-இல் மட்டும் எண்ணைச் சேர்த்துக் கொடுத்தால், ஒரே பில் எண்ணுக்கு இரண்டு வடிவங்கள் உலவும். அரசிடம் இருப்பது ஒன்று, உங்களிடம் இருப்பது வேறொன்று. அப்படிப்பட்ட பில்லால் உங்களுக்குப் பயன் இல்லை.

இதனால்தான் பிடிஎஃப்-ஐ நீங்களே எடிட் செய்து கம்பெனி பெயரைப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்கிறேன். தொகை சரிதானே, பணம் நான்தானே கட்டினேன் என்று வாதம் செய்யலாம். ஆனால் பில் கொடுத்தவர் கொடுக்காத ஒரு பில்லை நீங்கள் உருவாக்கியதாகிவிடும். ஆய்வில் அது எழுத்துப் பிழையாகப் பார்க்கப்படாது, போலி ஆவணமாகத்தான் பார்க்கப்படும்.

சரி, முறையான வழி எது? கிரெடிட் நோட். பழைய பில்லை ரத்து செய்யும் ஆவணம் ஒன்று, அதற்குப் பிறகு சரியான விவரத்தோடு புதிய பில் ஒன்று. எண்களை வைத்துப் பார்ப்போம், திரையிலும் போடுகிறேன். முதல் பில் எண் 417. அடிப்படைத் தொகை 1000, வரி 200, மொத்தம் 1200. விற்பவர் 417-ஐக் குறிப்பிட்டு ஒரு கிரெடிட் நோட் போடுகிறார், அதில் 1000-மும் 200-ம் கழிக்கப்படுகின்றன. அப்புறம் 533 என்ற எண்ணில் புதிய பில். உங்கள் கம்பெனி பெயர், வரி எண், அதே 1000, அதே 200. கிரெடிட் நோட்டில் நிற்கும் 1200-ஐ இந்தப் புதிய பில்லுக்கு ஈடாக வைத்து, செலுத்தப்பட்டது என்று குறிக்கிறார். யாருடைய பணமும் அசையவில்லை. ஆனால் உங்கள் சொந்தப் பெயரில் இருந்த விற்பனை பூஜ்யமாகி, கம்பெனி பெயரில் ஒரு விற்பனை உருவாகிவிட்டது.

இதில் சிலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. உதவி மையத்துக்கு எழுதும்போது, 'இந்த பில்லை ரத்து செய்து புதிதாகக் கொடுங்கள்' என்று மட்டும் எழுதுகிறார்கள். அங்கே இருப்பவர் அதைப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் கோரிக்கையாக எடுத்துக்கொண்டு, 1200-ஐ உங்கள் கார்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டுச் சந்தாவையும் நிறுத்திவிடலாம். பிறகு நீங்கள் இன்றைய விலையில் புதிதாக வாங்க வேண்டியதுதான், பழைய சலுகை போனது போனதுதான். அதனால் தெளிவாக எழுதுங்கள். நான் எழுதிக்கொடுக்கும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "பில் எண் 417-இல் வாங்குபவர் பெயரும் வரி எண்ணும் தவறாக உள்ளன. பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம், சந்தாவையும் மாற்ற வேண்டாம். 417-க்கு முழுத் தொகைக்கும் கிரெடிட் நோட் கொடுத்து, கீழே உள்ள பெயர், முகவரி, வரி எண்ணோடு புதிய பில் கொடுங்கள். செலுத்திய தொகையைப் புதிய பில்லுக்கு ஈடுசெய்யுங்கள்." கூடவே பதிவுச் சான்றிதழின் நகலை இணைத்துவிடுங்கள். அதை அவர்கள் எப்படியும் கேட்பார்கள், ஒரு தடவை கடிதம் எழுதும் வேலை மிச்சமாகும்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். கடை போர்டில் ஒரு பெயர், பதிவுச் சான்றிதழில் வேறு பெயர் என்று இருப்பது சகஜம். பில்லுக்குக் கொடுக்க வேண்டியது சான்றிதழில் உள்ள பெயர். தனிநபர் நிறுவனமாக இருந்தால் சான்றிதழில் சட்டப்படியான பெயராக உங்கள் சொந்தப் பெயரே இருக்கும். அப்படி இருந்தால் உங்கள் பில்லில் குறை எண் மட்டும்தான், பெயர் தவறே இல்லை. அனுப்பும் முன் எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள். இந்திய ஜிஎஸ்டி எண் என்றால் 15 எழுத்துகள், கடைசியில் இருப்பது சரிபார்ப்பு எழுத்து. ஜிஎஸ்டி தளத்தில் Search Taxpayer என்ற பக்கத்தில் எண்ணைப் போட்டால் சட்டப் பெயரும் வணிகப் பெயரும் வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றிய வாட் எண்ணுக்கு VIES என்ற தளம் இருக்கிறது.

எழுத்துப் பிழைக்கும் இந்த வழிதானா என்று கேட்பீர்கள். எண் சரியாக இருந்து, பெயரில் ஒரு எழுத்து மட்டும் மாறியிருந்தால் இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவைப்படாது. பொருத்திப் பார்க்கும் இடங்களில் எண்ணை வைத்துத்தான் பார்க்கிறார்கள். விற்பவரிடம் ஒரு திருத்தக் கடிதம் வாங்கி பில்லோடு வைத்துக்கொண்டாலே பல இடங்களில் போதும். எந்த பில்லைத் திருத்துகிறது என்று ஐயமில்லாமல் குறிப்பிடும் ஆவணத்தையும் பில்லாகவே கருத வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு வாட் நெறிமுறையின் 219-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியாவில் விற்பவர், விற்பனைகளைக் காட்டும் தன் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னிலேயே தவறான எண்ணைத் திருத்திக் காட்ட வழி உண்டு. ஆகவே கிரெடிட் நோட் ஒன்றுதான் வழி என்று விற்பவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். அவர் எந்த வழியில் போனாலும், வரித் துறையிடம் உள்ள பதிவு மாறியதா என்பதுதான் கேள்வி.

எண்ணே வேறொருவருடையதாக இருந்தால் அவசரம் அதிகம். ஒரு இலக்கம் மாறி இன்னொரு கம்பெனியின் எண்ணாக அமைந்துவிட்டால், உங்கள் வரிச் சலுகை அவர்கள் கணக்கில் போய் உட்காரும். ஒரே குழுமத்தில் இரண்டு கிளைகள், இரண்டு எண்கள் உள்ள இடங்களில் இது நடக்கும். அவர்கள் அதை எடுத்துக்கொண்ட பிறகு கிரெடிட் நோட் போட்டால் அவர்களும் தங்கள் கணக்கில் திருப்ப வேண்டும். முன்பின் தெரியாதவர்களிடம் போய் இதைக் கேட்பது சுலபமான வேலை இல்லை.

வெளிநாட்டு விற்பவரிடம் வாங்கும்போது இன்னொரு திருப்பம். பல வரி முறைகளில், வணிக வரி எண் கொடுத்து வாங்கினால் விற்பவர் வரியே போடமாட்டார். அந்த வரியை வாங்குபவரே தன் ரிட்டர்னில் காட்ட வேண்டும். எதிர்முறை வரிவிதிப்பு என்று அதற்குப் பெயர். எண் கொடுக்காததால்தான் உங்கள் பில்லில் 200 ஏறியது என்றால், புதிய பில் 1200 ஆக இருக்காது, 1000 ஆகத்தான் இருக்கும். மீதி 200 உங்களுக்குத் திரும்ப வேண்டும். இந்த ஒரு நிலையில் மட்டும் பணம் நிஜமாகவே அசையும். எனவே நான் சொன்ன கடித வாசகத்தில், வரியாக வாங்கிய தொகையை மட்டும் திருப்பும்படி மாற்றிக்கொள்ளுங்கள். எண் சேர்ந்த பிறகும் அதே வரியோடு பில் வந்தால் உடனே கேளுங்கள். வரி போடக் கூடாத இடத்தில் போட்ட வரியை உங்கள் ரிட்டர்னில் கழிக்க முடியாமல் போகலாம்.

விற்பவர் மறுக்கிறார் என்றால் எப்போதும் அது பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். வாங்கிய நாளில் உங்கள் வரிப் பதிவு நடைமுறைக்கு வரவில்லை என்றால், அந்த எண்ணை அந்த பில்லில் போடச் சொல்வது முறையல்ல. சான்றிதழில் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று போட்டிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். அடுத்தது காலக்கெடு. இந்தியாவில் ஒரு நிதியாண்டின் பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க, அந்த நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரைதான், ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அதுவரைதான். விற்பவர் திருத்துவதற்கும் அதே நாள்தான் எல்லை. மற்ற இடங்களில் கெடு வேறு மாதிரி இருக்கும், ஆனால் கெடு என்று ஒன்று இருக்கும். ஆண்டு முடிந்து ஆடிட்டர் பட்டியல் கேட்கும்போதுதான் பலரும் பில்லைத் திறக்கிறார்கள், அதற்குள் விற்பவர் பல ரிட்டர்ன்கள் போட்டு முடித்திருப்பார்.

திருத்தம் வந்ததும் கிரெடிட் நோட்டில் பழைய பில் எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த பில்லுக்கு என்று சொல்லாத கிரெடிட் நோட் உங்கள் கணக்கில் அந்தரத்தில் நிற்கும். புதிய பில்லுக்குப் புதிய எண் இருக்க வேண்டும். பழைய எண்ணிலேயே பெயர் மட்டும் மாறி வந்தால், விற்பவர் தன் பக்கப் பதிவை மாற்றவில்லை என்று சந்தேகப்படுங்கள். சந்தா எந்தக் காலத்துக்கு என்ற வரியும் வேண்டும், இல்லையென்றால் மார்ச்சில் தொடங்கிய சந்தா புதிய பில் தேதியான ஜூனில் தொடங்கியதுபோலத் தெரியும். இந்தியாவில் இருப்பவர்கள் அடுத்த மாதம் 14-ஆம் தேதிக்குப் பிறகு ஜிஎஸ்டிஆர்-2பி-யை, அதாவது விற்பவர்கள் உங்கள் எண்ணில் தாக்கல் செய்த பில்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். விற்பவர் தாக்கல் செய்திருந்தால் அந்த பில் அங்கே வந்திருக்கும். வரவில்லை என்றால் உங்கள் கையில் எவ்வளவு அழகான பிடிஎஃப் இருந்தாலும் வேலை முடியவில்லை என்று அர்த்தம், மறுபடி எழுதுங்கள்.

கணக்கில் ஏற்றும்போது மூன்றையும் ஏற்றுங்கள், 417, கிரெடிட் நோட், 533. பழைய பில்லை ஏற்கெனவே செலவாக எழுதியிருந்து, புதியதை மட்டும் சேர்த்தால் ஒரே சந்தா இரண்டு தடவை செலவாகும். பழையதை அழித்துவிட்டாலோ, வங்கிக் கணக்கில் 1200 போன தேதிக்கும் புதிய பில் தேதிக்கும் உள்ள இடைவெளிக்குக் காரணம் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.