ஸ்கிரிப்டின் கடைசி வரியில் இருக்கிற எண்ணைப் பாருங்கள்

வணக்கம். இன்றைக்கு நான் பேசுவது சாட்ஸ்வொர்த்தில் எங்கள் மருந்துக்கடையின் பின்னறையிலிருந்து. மதிய இடைவேளை, இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.

போன வாரம் ஒரு அத்தை டாக்டர் கொடுத்த ஸ்கிரிப்டை நீட்டி, "இது என்ன பாஷை தம்பி?" என்று கேட்டார். லத்தீன் என்றேன். "எனக்கு ஏன் லத்தீனில் எழுதுகிறார்?" என்றார். அத்தை, அது உங்களுக்கு எழுதிய கடிதமே இல்லை, எனக்கு எழுதியது என்றேன். சிரித்துவிட்டார்.

அந்த மாதிரி ஒன்றை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், பாருங்கள்.

```
Rx   Prednisone 5 mg tabs
Sig: viii mane pc 5/7
Mitte: 40
```

இதில் மூன்று கட்டளைகள் இருக்கின்றன. மூன்றும் எனக்குத்தான். முதலில் இருக்கும் ஆர்எக்ஸ், 'ரெசிபே' என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம். 'எடு' என்று அர்த்தம். அடுத்தது சிக், 'சிக்னா'. லேபிளில் எழுது என்கிறது. கடைசியில் 'மித்தே', அதாவது 'அனுப்பு'. எத்தனை மாத்திரை கொடுத்தனுப்ப வேண்டும் என்ற கணக்கு அது.

நடு வரிக்கு வருவோம். 'மானே' என்றால் காலையில். 'பிசி' என்பது போஸ்ட் சீபும், சாப்பாட்டுக்குப் பிறகு. பிரெட்னிசோன் ஒரு ஸ்டீராய்டு. நம் உடம்பில் தானாகச் சுரக்கும் கார்டிசால் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். மருந்தையும் அதே நேரத்தில் கொடுப்பது உடம்போடு ஒத்துப்போகும். இரவில் போட்டால் பலருக்குத் தூக்கம் போய்விடும். டாக்டர் வெறுமனே 'தினம் ஒரு வேளை' என்று எழுதாமல் 'மானே' என்று எழுதியதற்கு இதுதான் காரணம்.

அந்த 5/7 இருக்கிறதே, அதுதான் ஆளை ஏமாற்றும். வாரத்தில் ஐந்து நாள் என்று படிக்கக் கூடாது, மொத்தம் ஐந்து நாள்தான். கீழே 7 இருந்தால் நாள் கணக்கு, 52 இருந்தால் வாரக் கணக்கு, 12 இருந்தால் மாதக் கணக்கு. 2/52 என்றால் இரண்டு வாரம். இது மட்டும் லத்தீன் இல்லை, ஆனால் அதே கூட்டத்தோடு சேர்ந்தே வரும்.

சரி, இப்போது என் கதை. நான் இன்டர்னாக இருந்தபோது இதே மருந்து, இதே ஐந்து நாள், ஆஸ்துமா முற்றிப்போன ஒருவருக்கு வந்தது. ரோமன் எண்ணில் எட்டு என்று எழுத, 'v' போட்டு மூன்று கோடு இழுக்க வேண்டும். பேனா சரியாக ஓடவில்லை போலிருக்கிறது, 'v' வெறும் கீறலாக இருந்தது. நான் மூன்று என்று படித்துவிட்டேன். மூன்று மாத்திரை என்றால் 15 மில்லிகிராம். அதுவும் கொடுக்கிற அளவுதான் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பெட்டியை எடுத்து எண்ண ஆரம்பித்தபோதுதான் கணக்கு உதைத்தது. மூன்றை ஐந்தால் பெருக்கினால் 15. ஆனால் மித்தே 40 என்கிறது. நாற்பதை ஐந்தால் வகுத்தால் எட்டு, அதாவது ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம். திரும்பத் தாளைப் பார்த்தால், அந்தக் கீறல் 'v' ஆகத் தெரிகிறது!

அப்படியும் நானாக முடிவு செய்யவில்லை. டாக்டர் ரூம்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன். எட்டுதான் என்றார்கள். இரண்டு வரிகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராதபோது எது தப்பு என்று ஊகிப்பது என் வேலை இல்லை. நாற்பது என்பதுமே தப்பாக எழுதப்பட்டதாக இருக்கலாம் அல்லவா?

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் உதவாது. 'பிஆர்என்' என்று இருந்தால், அதாவது ப்ரோ ரே நாட்டா, தேவைப்படும்போது மட்டும் என்றால், பெருக்கிப் பார்க்க ஒன்றும் இல்லை. பாராசிட்டமால் 500 மில்லிகிராம் அப்படி வந்தால், பெரியவர்களுக்கு ஒரு நாளில் எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது என்று நானே லேபிளில் சேர்த்துவிடுவேன். குழந்தைகளின் சிரப்பிலும் எண் பொருந்தாது. 5 மில்லி, 'டிடிஎஸ்', அதாவது தினம் மூன்று வேளை, ஐந்து நாளைக்கு என்றால் 75 மில்லி போதும். பாட்டிலோ 100 மில்லி. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த காய்ச்சலுக்குக் கொடுக்காதீர்கள். தண்ணீர் கலந்த ஆன்டிபயாடிக் சில நாளிலேயே கெட்டுவிடும்.

'ஓடி' என்ற சுருக்கத்தில்தான் எனக்கு எரிச்சல். தினம் ஒரு முறைக்கும் அதுதான், வலது கண்ணுக்கும் அதுதான். கண் சொட்டு மருந்தில் 'ஓடி' என்று மட்டும் இருந்தால் எந்தக் கண், எத்தனை வேளை? போன்தான் போட வேண்டும்.

அந்த அத்தைக்கு லேபிளில் என்ன எழுதினேன் தெரியுமா? 'காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மாத்திரை, ஐந்து நாள்' என்று ஆங்கிலத்தில். லேபிளில் ஒரு லத்தீன் சொல்கூட வரக் கூடாது. பையைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "நாற்பது சரியாக இருக்கு தம்பி" என்றார். மணி அடிக்கிறது, கவுன்டருக்குப் போகிறேன்.