பயோல ஒரு சிரிப்பு வரி: எங்க போடலாம், எங்க தூக்கணும்

வணக்கம் மக்களே. மைக் கேக்குதா? மாடியிலதான் உக்காந்திருக்கேன், காத்து சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கங்க.

என் ஃப்ரெண்டு ஒருத்தி பல் டாக்டர். புதுசா கிளினிக் தொறந்தா. வெப்சைட்டுக்குத் தானே ஒரு பயோ எழுதிட்டு, "டேய், நல்லா இருக்கா பாரு"ன்னு அனுப்புனா. அதுல என்ன இருந்துச்சுன்னா: "பல்லைப் பிடுங்குவது என் பொழுதுபோக்கு. பயப்படாதீங்க, இதுவரை வந்த எல்லாரும் உயிரோடதான் திரும்பிப் போயிருக்காங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு, உண்மை. ஆனா எனக்குப் பல்லு வலிக்கலையே! இந்தப் பக்கத்தை யார் திறப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு, கடவாய்ப் பல்லுல கிராம்பை வெச்சுக் கடிச்சுக்கிட்டு, ஒத்தக் கையில போன் தேய்க்கிற மனுஷன். அவருக்கு ஏற்கெனவே ஊசின்னா பயம். அந்தப் பயத்தையே எடுத்து ஜோக் அடிச்சா, "இவங்ககிட்ட வேண்டாம்பா"ன்னு அடுத்த கிளினிக்குக்குப் போயிடுவாரு. படிக்கிறவர் எதை நெனச்சுப் பயந்து வர்றாரோ, அதைத் தொடவே கூடாது. ஆடிட்டர்னா வருமான வரி நோட்டீஸ், வக்கீல்னா கேஸ் தோக்குறது, சமையல் கான்ட்ராக்டர்னா பந்தியில சாப்பாடு பத்தாம போறது.

அவளை உக்கார வெச்சு மாத்தி எழுதுனோம். படிக்கிறேன் கேளுங்க: "பி.டி.எஸ்., எம்.டி.எஸ். வேர் சிகிச்சையில் 12 ஆண்டு அனுபவம். சிகிச்சையின் ஒவ்வொரு கட்டத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்வார். வீட்டில் இரண்டு பிள்ளைகளை ராத்திரி பல் துலக்க வைக்கும் முயற்சியில் மட்டும் இன்னும் வெற்றி பெறவில்லை."

சிரிப்பு கடைசியிலதான் வருது, கவனிச்சீங்களா? படிப்பு, அனுபவம், எப்படி வேலை செய்வாங்க, மூணும் சொன்னதுக்கப்புறம். முதல் வரியிலயே ஜோக்கைப் போட்டா, பின்னாடி வர்ற 12 வருஷத்தையும் ஜோக்காத்தான் எடுத்துக்குவாங்க. அடுத்து, தோக்குறது அவதான். ஆனா காசு வாங்கிச் செய்யுற வேலையில தோக்கல, பெத்த பிள்ளைங்ககிட்ட தோக்குறா. பிள்ளை வெச்சிருக்கிற எல்லாரும் தோக்குற இடம் அது. இதையே "கை கொஞ்சம் நடுங்கும்"னு எழுதியிருந்தா? முடிஞ்சுது கதை.

இதுல நானே அடி வாங்கியிருக்கேன். ஒரு காலேஜ் ஃபங்ஷன்ல பேசக் கூப்பிட்டாங்க. பயோ கேட்டாங்க, "தூங்கும்போது மட்டும் அமைதியாக இருப்பவர்"னு முடிச்சு அனுப்பிட்டேன். மேடையில அதைப் படிச்ச பையன் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்கல. இரங்கல் செய்தி படிக்கிற மாதிரி, "தூங்கும்போது... மட்டும்... அமைதியாக இருப்பவர்." மொத்த ஹாலும் கப்சிப். முன்வரிசையில ஒரு பெரியவர் என்னைப் பாவமாப் பாத்தாரு! அன்னைலேருந்து, மேடையில வாசிக்கப்போற பயோன்னா, வீட்டுல யாரையாவது உணர்ச்சியே இல்லாம சத்தமாப் படிக்கச் சொல்லுவேன். அப்பவும் ஜோக்குன்னு புரிஞ்சா வெச்சுக்கலாம், இல்லன்னா தூக்கிடணும். ஸ்மைலியை நம்பாதீங்க, அதை யாரும் வாய்விட்டுப் படிக்க மாட்டாங்க.

ஆமா, அந்த "உயிரோட திரும்பிப் போனாங்க" ஜோக் வீணாப் போகல. அவ பேட்ச் டாக்டருங்க கெட்-டுகெதர்ல அதையே சொன்னா, நல்லா எடுபட்டுச்சாம். அங்க யாரும் வாயைத் திறந்து நாற்காலியில படுத்திருக்கலையே.

சுத்தமா வேண்டாங்கிற இடமும் இருக்கு. பேங்க் லோனுக்கு வைக்கிற ப்ராஜெக்ட் ரிப்போர்ட், விசா பேப்பர், ஆராய்ச்சி நிதிக்கான விண்ணப்பம். அதைப் படிக்கிறவங்க முன்னாடி ஒரு கட்டு ஃபைல் கெடக்கும், எதைத் தள்ளலாம்னு பாத்துக்கிட்டிருப்பாங்க. "பிள்ளைங்ககிட்ட வெற்றி பெறவில்லை"ங்கிறதுக்கு அங்க ஒரு மார்க்கும் கிடையாது. அதே மாதிரி, உங்க பயோவை யாராவது வேற மொழியில மாத்தப்போறாங்கன்னா, சிலேடையை எடுத்துடுங்க. ஜோக் செத்துடும், வார்த்தை மட்டும் அப்படியே போய் அசட்டுத்தனமா நிக்கும்.

இடமும் ஒரு பிரச்சனை. இன்ஸ்டாகிராம்ல பயோக்கு 150 எழுத்துதான். அதுல சிரிப்பு வரியைத் திணிச்சப்போ கிளினிக் நேரம் வெளிய போயிடுச்சு. நேரத்தை வெச்சுக்கிட்டு சிரிப்பைத்தான் எடுத்தோம்.

கடைசி வரியைத் தனியா நிக்கிற மாதிரி எழுதுனதும் இதுக்குத்தான். மேல இருக்கிற எதுவும் அதைப் புடிச்சுத் தொங்கல, எடுத்தா ஓட்டை தெரியாது. அவ லேப்டாப்ல இப்ப ரெண்டு ஃபைல் இருக்கு, "சிரிப்போட", "சிரிப்பில்லாம"ன்னு பேரு வெச்சிருக்கா. போன வாரம் லோனுக்குப் போனது ரெண்டாவது.

ஐயோ, தூறல் போடுது, கொடியில துணி கெடக்கு. வரேன் மக்களே.