சச யோகம் ஒன்றே போதுமா?

பட்டிமன்றத் தலைப்பு: "ஜாதகத்தில் பஞ்ச மகாபுருஷ யோகம் ஒன்று இருந்தால் போதும், ஆள் உயர்ந்துவிடுவார். ஆமா, இல்லையா?"
'இல்லை' அணியின் உரை.

நடுவர் அவர்களே, வணக்கம்.

எதிரணியில் முதலில் பேசிய ஐயா விஷயம் தெரிந்தவர். ருசகம், பத்ரம், ஹம்சம், மாளவ்யம், சசம் என்று ஐந்தையும் பிசகில்லாமல் சொன்னார். வராகமிகிரரின் பிருஹத் சம்ஹிதையையும் சாட்சிக்கு அழைத்தார். ஆனால் அந்தச் சுலோகம், கிரகம் சொந்த வீட்டில் ஆட்சியாகவோ உச்ச வீட்டிலோ இருந்து, அது லக்னத்துக்கு 1, 4, 7, 10 என்ற கேந்திரமாக அமைவதோடு நிற்கவில்லை. கிரகம் பலமாகவும் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஐயா அதை மட்டும் விட்டுவிட்டார். எங்கள் வாதமே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சனியை எடுத்துக்கொள்கிறேன். ஐந்தில் சச யோகம் அவர் தருவது, மகரம் அவருக்கு ஆட்சி வீடு. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2020 ஜனவரி கடைசியில் சனி மகரத்துக்கு வந்தார். ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டரை வருஷம் இருப்பவர் அவர். மகரத்துச் சனி யாருக்குக் கேந்திரம்? மேஷம், கடகம், துலாம், மகரம் என நான்கு லக்னக்காரர்களுக்கு. ஒரு நாளில் பன்னிரண்டு லக்னமும் உதிக்கின்றன. ஆகவே அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சச யோகம்! ஒரு பிரசவ வார்டில் மூன்று தொட்டில் இருந்தால் அதில் ஒன்று மகாபுருஷர். (சிரிக்காதீர்கள், கணக்கு அப்படித்தான் வருகிறது.)

எதிரணித் தம்பி ஒருவர், "சந்திரனுக்குக் கேந்திரமானாலும் யோகம்தான்" என்றார். அப்படிச் சொல்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதையும் சேர்த்தால் மகாபுருஷர்கள் இன்னும் பெருகிவிடுவார்கள், தம்பி. அது உங்கள் அணிக்கு நல்லதா?

சரி, அந்த நான்கு லக்னங்களுக்காவது பலன் ஒன்றா? துலாத்துக்குச் சனி நாலு, ஐந்துக்கு உடையவர், யோககாரகர், நாலில் ஆட்சி. வீடு, கல்வி, பிள்ளைகள் என்று தாராளமாகப் பேசலாம். கடகத்துக்கு அதே சனி ஏழு, எட்டுக்கு உடையவர். ஏழில் ஆட்சியாக உட்கார்ந்தாலும் அட்டமாதிபத்தியம் அவரை விட்டுப் போகாது. திருமணத்தைப் பற்றி நிதானமாகத்தான் வாய் திறக்க வேண்டும். ராசியும் யோகமும் ஒன்றுதான், பலன்தான் வேறு.

இப்போது தசை. யோகம் முழுசாகப் பலிப்பது அதைத் தரும் கிரகத்தின் தசையில்தான், பிறந்த நட்சத்திரத்தை வைத்துத்தான் தசை தொடங்கும். துலா லக்னம், மகரச் சனி, இரண்டு குழந்தைகள். ஒன்று ரோகிணி, மற்றது ரேவதி. ரோகிணிக்குச் சந்திர தசையில் தொடக்கம். செவ்வாய், ராகு, குரு கழிந்து 41-க்கும் 51-க்கும் இடையில் சனி தசை வந்துவிடும். உழைத்துச் சம்பாதிக்கிற வயது. ரேவதிக்குப் புதன் தசை. கேது, சுக்கிரன், சூரியன், சந்திரன், செவ்வாய், ராகு, குரு எல்லாம் முடிய எப்படியும் 84 வயது தாண்டும். அந்த யோகத்தை எப்போது அனுபவிப்பது? "ஒவ்வொரு தசைக்குள்ளும் உட்பிரிவாகச் சனி புக்தி வருமே" என்று ஐயா கேட்பார். வரும். சுக்கிர தசையில்கூட மூன்று வருஷம் இரண்டு மாதம் வரும். அந்தக் காலத்தில் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் 19 வருஷ தசைக்கு அது ஈடாகுமா?

சூரியனை நெருங்கிய கிரகம் பலம் இழக்கிற அஸ்தங்கம் வேறு இருக்கிறது. 2021 தை மாதம் சூரியனும் மகரத்தில், சனியும் மகரத்தில், நெருங்கிய பாகைகளில். அப்போது பிறந்த மேஷ லக்னப் பிள்ளைக்குப் பத்தில் ஆட்சிச் சனி என்று கட்டத்தைப் பார்த்ததும் கை தட்டிவிடுவோம். பாகையைப் பார்த்தால் கை கீழே இறங்கிவிடும்.

எதிரணி அம்மா தன் மச்சினர் பையனைச் சொன்னார்கள். கன்னி லக்னம், மீனத்தில் குரு, ஹம்ச யோகம். "ராஜா மாதிரி இருக்கான், கல்யாணம் மட்டும் தள்ளித் தள்ளிப் போகுது" என்றார்கள். அம்மா, கன்னி மாதிரி உபய லக்னத்துக்கு ஏழாம் அதிபதியே கெடுதல் செய்கிற பாதகாதிபதி. நாலு, ஏழு என்று இரண்டு கேந்திரத்துக்கும் உடைய சுபருக்குக் கேந்திராதிபத்திய தோஷமும் உண்டு. யோகம் தருகிற அதே குருதான் தாமதமும் தருகிறார். நீங்கள் எங்கள் அணியில் உட்கார வேண்டியவர்கள்.

கடைசியாக ஒன்று. வாக்கியப் பஞ்சாங்கப்படி சனி மகரத்துக்கு வந்தது 2020 டிசம்பர் கடைசியில். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழாவும் அப்போதுதான் நடந்தது. இரண்டுக்கும் நடுவே பதினொரு மாதம். இடையில், 2020 ஆடியில், துலா லக்னத்தில் பிறந்த குழந்தைக்குத் திருக்கணிதம் சச யோகம் என்கிறது. வாக்கியமோ சனி இன்னும் தனுசில், மூன்றில் இருக்கிறார் என்கிறது. எந்தப் பஞ்சாங்கம் சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை, அது வேறு மன்றம். யோகம் இருந்தால் போதும் என்கிற எதிரணி, இந்தக் குழந்தைக்கு யோகம் இருக்கிறதா இல்லையா என்பதை நிறைவுரையில் சொல்லட்டும்.