இறுகிப்போன மிக்சி பிளேடைக் கழற்றுவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். கோவையில் வீட்டு மின்சாதனங்களைப் பழுது பார்க்கும் சிறிய பட்டறை ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பட்டறைக்கு வருகிற மிக்சி ஜார்களில் ஒரு பங்கு, பழுதானதால் வருபவை அல்ல. கழற்ற முயன்று பாதியில் நின்றுபோனதால் வருபவை. பிளேடு இறுகிவிட்டது என்று வீட்டில் யாரோ குறடு போட்டுத் திருகியிருப்பார்கள். அடியில் இருக்கும் கப்ளரின் பற்கள் மழுங்கி உதிர்ந்திருக்கும். பிளேடு மட்டும் அசையாமல் அப்படியே இருக்கும். பலம் போதாததால் அப்படி ஆவதில்லை. பெரும்பாலும் அவர்கள் திருப்பிய திசையே இறுக்குகிற திசையாக இருந்திருக்கும். ஆகவே இன்று திசையைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் ஜாரின் அடிப்பாகத்தை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். ஜாருக்குள் பிளேடு இருக்கிறது. அந்தப் பிளேடு ஒரு சுண்டுவிரலைவிட மெல்லிய எஃகுத் தண்டின் மேல்முனையில் பொருத்தப்பட்டிருக்கிறது. அந்தத் தண்டு, ஜாரின் அடியில் உள்ள புஷ் என்னும் உலோகக் குழாய்க்குள் புகுந்து கீழே வருகிறது. கீழே வந்த முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரையில்தான் கப்ளர் திருகப்பட்டிருக்கும். மோட்டாரின் தலையில் இருக்கும் மற்றொரு கப்ளர் இந்தக் கப்ளரைப் பிடித்துச் சுழற்றுகிறது. கப்ளரைக் கழற்றினால்தான் பிளேடும் தண்டும் மேல்வழியாக வெளியே வரும். சில ஜார்களில் பிளேடு தண்டோடு நிரந்தரமாகச் சேர்க்கப்பட்டிருக்கும். சிலவற்றில் பிளேடின் உச்சியில் குமிழ் போன்ற ஒரு நட்டு இருக்கும்.

இதில் இறுகிப்போகக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, தண்டும் புஷ்ஷும் உரசுகிற இடம். மற்றொன்று, கப்ளரின் மரை. புஷ்ஷின் மேலே இருக்கும் வாஷர் தேய்ந்துவிட்டால், அரைக்கிற பொருளின் நீர் தண்டை ஒட்டிக் கீழே இறங்குகிறது. உளுந்து மாவும் தேங்காய்ப் பாலும் அங்கே காய்ந்து பசையாகிவிடும். புளியும் உப்பும் சேர்ந்த சட்னியாக இருந்தால் உலோகத்தையும் அரித்துத் துரு பிடிக்கச் செய்யும். கையால் பிளேடைச் சுற்றிப் பார்த்தால் அது அசையாமல் நிற்கிறது என்றால் புஷ் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிளேடு சுலபமாகச் சுற்றியும் கப்ளர் கழல மறுக்கிறது என்றால் சிக்கல் மரையில் மட்டுமே. அசையாத ஜாரை மோட்டாரின் மேல் வைத்து ஓட்டிப் பார்த்தால் சரியாகிவிடும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். உறுமல் கேட்கும், ரப்பர் கருகும் வாடை வரும், மிக்சியின் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளிக்கொண்டு மோட்டார் நின்றுவிடும். அது நின்றால் நல்ல காலம்.

இப்போது திசைக்கு வருகிறேன். மிக்சி மோட்டார் சுமையில்லாமல் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 18,000 சுற்றுகள் சுற்றக்கூடியது. அவ்வளவு வேகத்தில் ஓடும்போது கப்ளர் கழன்று வந்துவிடக் கூடாது என்பதற்காக, ஓட ஓட இறுகும்படியே அதன் மரையை வெட்டியிருப்பார்கள். மோட்டார் கப்ளரைத் தள்ளுகிறது. பிளேடோ அரைபடும் பொருளில் சிக்கித் தண்டைப் பின்னுக்கு இழுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே மரை தானாகவே இறுகுகிறது. மிக்சிக்கு மிக்சி மோட்டார் சுற்றும் திசை மாறுவதால், இதே காரணத்தால் மரையின் திசையும் மாறுகிறது. எல்லாத் திருகையும் இடஞ்சுழியாகக் கழற்றிப் பழகிய கை இங்கே ஏமாறுவது அதனால்தான்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஜாரை எடுத்துவிட்டு, மோட்டாரின் தலையில் இருக்கும் கப்ளரின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். சுவிட்சை ஒரே ஒரு கணம் தட்டிவிட்டு உடனே நிறுத்துங்கள். முழு வேகத்தில் கோடு கண்ணுக்குத் தெரியாது. நிற்கப் போகும் தறுவாயில், கடைசி இரண்டு மூன்று சுற்றுகளில் அது எந்தப் பக்கம் போகிறது என்பது தெளிவாகத் தெரியும். அதை ஒரு காகிதத்தில் அம்புக்குறியாக வரைந்துகொண்டு, மிக்சியின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஜார் இல்லாமல் ஓடாத பூட்டுள்ள மிக்சியாக இருந்தால், பிளேடின் கூரான விளிம்பைப் பாருங்கள். பிளேடு ஓடும்போது கூரான விளிம்புதான் முன்னே செல்லும். ஆகவே மேலிருந்து பார்க்கையில் அந்த விளிம்பு நோக்கும் பக்கமே மோட்டார் சுற்றும் பக்கம்.

இனி ஜாரைக் கவிழ்த்து வையுங்கள். கப்ளர் இப்போது உங்கள் முகத்தைப் பார்க்கிறது. மோட்டாரின் தலை எந்தப் பக்கம் சுற்றியதைக் கண்டீர்களோ, கண்ணுக்குத் தெரிகிற அதே பக்கமாகக் கப்ளரைத் திருப்பினால் அது கழலும். கேட்பதற்கு முரணாக இருக்கும். ஓடும் திசையில் இறுகும் என்றவன் அதே திசையில் கழலும் என்கிறானே என்று தோன்றும். ஜாரைக் கவிழ்த்ததால் வலம் இடமாகிவிட்டது, அவ்வளவுதான். ஐயமிருந்தால் ஒரு கடிகாரத்தைப் பின்பக்கத்திலிருந்து பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். உச்சியில் குமிழ் நட்டு உள்ள ஜாரிலும், ஜாரை நிமிர்த்தி வைத்து மேலிருந்து பார்த்து, அதே அம்புக்குறியின் பக்கம் திருப்பினால் அந்த நட்டு கழலும். ஆக, காகிதத்தில் வரைந்த ஒரே அம்பு இரண்டு முனைகளுக்கும் போதுமானது. கப்ளரைத் திருகாமல் ஆணி அடித்தோ அழுத்தியோ பொருத்திய ஜார்களும் உண்டு. அவற்றைத் திருப்பிப் பயனில்லை, கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

சென்ற மாதம் ஒரு பெரியம்மா கொண்டுவந்த சட்னி ஜாரைச் சொன்னால் மற்றது விளங்கும். புளி மிளகாய்ச் சட்னி அரைத்து, மேலோட்டமாகக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பத்து நாள் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது பிளேடு கல்லாக நின்றது. பேரன் குறடு போட்டுத் திருகியதில் கப்ளரின் ஆறு சிறகுகளில் இரண்டு மழுங்கியிருந்தன. “தம்பி, பிளேடு உடையாம வந்தாப் போதும், கப்ளர் போனாப் போகட்டும்” என்றார் பெரியம்மா. சரியான கணக்கு அது. கப்ளர் மலிவான பொருள்; பிளேடும் தண்டும் அப்படியல்ல.

ஜாரைக் கவிழ்த்தால் கப்ளரைச் சுற்றி அடிப்பாகம் ஒரு கிண்ணம்போல் குழிந்திருக்கும். அதில் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே கூடுதலான வெந்நீரை நிரப்பி அரைமணி நேரம் வைத்தேன். நீர் மங்கலான செந்நிறத்துக்கு மாறியது. ஊற்றிவிட்டு மறுபடியும் நிரப்பினேன். பலர் எடுத்த எடுப்பிலேயே எண்ணெய் விடுகிறார்கள். காய்ந்த மாவையும் புளியையும் எண்ணெய் கரைக்காது, நீர்தான் கரைக்கும். தேங்காய் எண்ணெயோ நாளடைவில் தானே பிசுக்காகிவிடும். நீர் தெளிவாக வரத் தொடங்கியதும் நன்றாக உலர்த்தி, கப்ளருக்கும் புஷ்ஷுக்கும் இடையிலுள்ள இடுக்கில் நான்கைந்து சொட்டு மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுவதும் விட்டுவிட்டேன். கொதிநீரோ அடுப்புத் தணலோ வேண்டாம். அடியிலுள்ள பிளாஸ்டிக்கும் ரப்பர் வளையமும் அதைத் தாங்கமாட்டா.

மறுநாள் காலை, புஷ்ஷை இன்னும் விடுவிக்காமலேயே கப்ளரைக் கழற்ற முற்பட்டேன். தண்டு புஷ்ஷில் பிடித்துக்கொண்டிருப்பதில் ஒரு வசதி உண்டு: நாம் பிளேடை அழுத்திப் பிடிக்க வேண்டிய பாரத்தில் பாதியைப் புஷ்ஷே ஏற்றுக்கொள்கிறது. மீதிக்கு, பட்டறையில் பிளேடின்மேல் கவிழ்த்து மாட்டும் பிளவுள்ள இரும்புச் சாவி இருக்கிறது. வீட்டில் செய்பவர்கள் தடித்த தோல் கையுறை அணிந்து, நாலாக மடித்த சாக்குத் துணியால் பிளேடைப் பொத்திப் பிடிக்க வேண்டும். வெறும் துண்டு போதாது. திடீரென்று கழலும்போது கை வழுக்குவது பிளேடின் மேல்தான். பிளேடுக்கும் ஜாரின் சுவருக்கும் நடுவே கரண்டிக் காம்பைச் செருகுவதும் கூடாது, சுவர் நசுங்கும்.

கப்ளரை அகன்ற வாயுள்ள குறடால் பற்றி, அம்புக்குறியின் பக்கம் ஒரே சீராக இழுக்காமல், குறடின் பிடியில் சிறு மரச்சுத்தியால் இரண்டு மூன்று முறை தட்டினேன். நீண்ட இழுப்புக்கு அசையாத மரை சிறு அதிர்ச்சிக்கு இளகும். மூன்றாவது தட்டில் ‘டிக்’ என்ற ஒலியோடு நெகிழ்ந்தது. பிளாஸ்டிக் மட்டும் சுற்றி, உள்ளே பதித்த உலோக நட்டு அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. அப்போது பிளாஸ்டிக்கை உடைத்து நீக்கிவிட்டு, அந்த நட்டை ஸ்பேனரால் பற்றி அதே பக்கம் திருப்ப வேண்டும்.

கப்ளர் போன பிறகு தண்டின் முனையில் சிறு பூட்டு வளையம் இருந்தால் அதையும், வாஷர்களையும் எடுத்து, எடுத்த வரிசையிலேயே துணியில் அடுக்கிவைத்தேன். பிறகு தண்டின் முனையில் ஒரு மரத்துண்டை வைத்து மெல்லத் தட்ட, தண்டு புஷ்ஷை விட்டு நகர்ந்து பிளேடோடு வெளியே வந்தது. சுத்தியல் நேராக மரையில் பட்டிருந்தால் மரை விரிந்து, புதுக் கப்ளரும் ஏறாது. தண்டின் நடுவே வளையமாகத் துரு படிந்திருந்தது. மெல்லிய உப்புத்தாளால் துடைத்ததும் போய்விட்டது. தண்டில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் விழுந்திருந்தாலோ, புஷ்ஷுக்குள் விட்டு ஆட்டினால் இடவலமாக ஆடினாலோ, அந்தத் தண்டும் புஷ்ஷும் இனி நீரைத் தடுக்காது; முழுத் தொகுதியையும் மாற்றிவிட வேண்டும். பெரியம்மாவின் தண்டு தப்பியது. வாஷரை மட்டும் மாற்றினேன்.

மண்ணெண்ணெய் வாடை போகும்வரை சோப்பு நீரில் எல்லாவற்றையும் கழுவி, தண்டில் ஒரு சொட்டு சமையல் எண்ணெய் தடவி மாட்டி, புதுக் கப்ளரைக் கையால் மட்டும் இறுக்கினேன். மீதி இறுக்கத்தை மோட்டார் பார்த்துக்கொள்ளும். பிறகு ஜாரில் அரையளவு தண்ணீர் ஊற்றி, செய்தித்தாளின் மேல் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்து தூக்கிப் பார்த்தபோது தாள் காய்ந்திருந்தது.