கடை அறிவிப்புக்குக் குரூப்பா, புரோட்காஸ்ட் லிஸ்டா?

[திரை: தையல் மேசை. வெட்டிய துணி, அளவு நாடா, பக்கத்தில் ஒரு போன்.]

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் என் அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். தீபாவளி நெருங்கினால் "புதுத் துணி வந்திருக்கிறது", "வெள்ளிக்கிழமையோடு ஓர்டர் எடுப்பது முடிகிறது" என்றெல்லாம் எல்லாருக்கும் சொல்ல வேண்டும். அதற்காக 140 வாடிக்கையாளர்களை ஒரே வட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துக் கொடுத்தது நான்தான்.

ஒருநாள் கடைக்கு வந்த டீச்சர் ஒருவர் போனை இந்த மேசையில் வைத்து, "தங்கச்சி, இதைப் பாருங்கோ" என்றார். முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு, தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து "உங்கட போட்டோ நல்லா இருக்கு" என்று ஒரு மெசேஜ். அந்த நம்பரின் பெயரைத் தட்டி விவரத்தைக் கீழே தள்ளிப் பார்த்தோம். இருவருக்கும் பொதுவான குரூப் என்று ஒன்றே ஒன்று காட்டியது. எங்கள் கடைக் குரூப்.

[திரை: குரூப் விவரம், உறுப்பினர் பட்டியல். நம்பர்கள் மறைக்கப்பட்டுள்ளன.]

அட்மின் மட்டுமே மெசேஜ் போடலாம் என்று நான் அந்தக் குரூப்பைப் பூட்டித்தான் வைத்திருந்தேன். அது போதும் என்று நினைத்ததுதான் பிழை. அந்தப் பூட்டு பேச்சைத்தான் நிறுத்தும், பட்டியலை மறைக்காது. குரூப்பில் இருக்கும் யாரும் மேலே பெயரைத் தட்டினால் மற்ற எல்லாருடைய நம்பரும் வரிசையாகத் தெரியும். புரொஃபைல் படத்தை எல்லாரும் பார்க்கலாம் என்று விட்டிருப்பவர்களின் முகமும் தெரியும். வட்ஸ்அப்பில் என்கிரிப்ஷன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது வெளியாள் வாசிப்பதைத் தடுக்கும். உள்ளே இருப்பவரிடமிருந்து நம்பரை மறைப்பது அதன் வேலை இல்லை.

டீச்சர் நம்பர் தந்தது பிளவுஸ் தைத்து முடிந்ததும் கூப்பிடுவதற்காக. மற்ற 139 பேரிடம் அதைக் கொடுக்க அக்காவுக்கு அவர் அனுமதி தரவில்லை.

[திரை: மூன்று புள்ளி, New broadcast.]

சரி, புரோட்காஸ்ட் லிஸ்ட்டில் என்ன வித்தியாசம்? ஆண்ட்ராய்ட் போனில் வட்ஸ்அப்பைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, New broadcast என்பதில் ஆட்களைத் தெரிவு செய்யுங்கள். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். நீங்கள் ஒரு தடவை எழுதுவது ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெசேஜாகப் போய்ச் சேரும். வேறு யாருக்குப் போனது என்று மெசேஜ் கிடைத்தவருக்குத் தெரியாது. அவர் பதில் எழுதினாலும் அது உங்களுக்கு மட்டும்தான் வரும். தையல் கடைக்கு இது பெரிய விஷயம். தன் அளவையோ, மீதிக் காசையோ 140 பேர் பார்க்க எழுத யாருக்கு விருப்பம்?

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் புரோட்காஸ்ட் போகும். நீங்கள் அவர் நம்பரைச் சேமித்திருந்தால் மட்டும் போதாது. போகாவிட்டால் வட்ஸ்அப் உங்களிடம் சொல்லவும் மாட்டாது.

[திரை: மெசேஜை அழுத்திப் பிடித்து, Info.]

அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து Info பாருங்கள். யாருக்குச் சேர்ந்தது, யார் வாசித்தார் என்று பெயர் வரும். அக்காவின் முதல் புரோட்காஸ்ட் அன்று மாலை வரை 52 பேருக்குச் சேரவே இல்லை. டேட்டா இல்லாமலோ, போன் அணைந்தோ இருக்கலாம் என்று ஒரு நாள் விட்டுப் பார்த்தோம். அப்புறமும் 47 பேர் மிச்சம். அவர்களில் ஒருவருக்குத் தனியாக மெசேஜ் போட்டால் உடனே இரண்டு டிக் விழுந்தது. அப்படி விழுந்தால், அவர் கடை நம்பரைச் சேமிக்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.

இப்போது அளவெடுத்துத் துண்டு கொடுக்கும்போதே அக்கா கேட்கிறார்: "அறிவிப்பு அனுப்பட்டுமா? விருப்பம் என்றால் கடை நம்பரை இப்பவே சேவ் பண்ணுங்கோ." வேண்டாம் என்பவர் லிஸ்ட்டில் சேர்வதில்லை. பிறகு மனம் மாறினால், நம்பரை அழித்துவிட்டாலே புரோட்காஸ்ட் வராது. இந்தச் சிக்கலுக்குள் இப்படி ஒரு நன்மையும் இருக்கிறது.

குரூப் தேவைப்படும் இடமும் உண்டு. நாளைக் காலை நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகில் போகும் பத்துப் பேர் ஒருவரோடொருவர் பேசியாக வேண்டும். அங்கேயும் "உங்கள் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியும்" என்று முதலில் சொல்லிவிட்டுச் சேருங்கள்.

[திரை: மீண்டும் தையல் மேசை.]

பழைய குரூப்பில் இருந்து, டீச்சருக்கு மெசேஜ் போட்ட ஆளை முதலில் எடுத்தோம், பிறகு எல்லாரையும் எடுத்துக் குரூப்பையே மூடினோம். ஏற்கெனவே யாராவது குறித்துக்கொண்ட நம்பரைத் திரும்ப வாங்க வழி கிடையாது. அதை அக்கா டீச்சரிடம் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்த ஆளின் நம்பரை பிளாக் செய்வது எப்படி என்று அவருடைய போனிலேயே காட்டிக் கொடுத்தேன்.