ஐந்து மீட்டர் கயிற்றில் நூறு ஆண்டு: காலக்கோடு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

[திரையில்: வகுப்பறைச் சுவரில் ஒரு கயிறு. அதில் ஒன்பது அட்டைகள் சம இடைவெளியில் தொங்குகின்றன.]

இந்தக் காலக்கோட்டைப் பாருங்கள். ஒன்பது நிகழ்வுகள், ஒன்றுகூட இடம் மாறவில்லை. வரிசைப்படுத்தச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டுவார்கள். நாமும் முழு மதிப்பெண் போட்டுவிடுவோம்.

ஆனால் இந்தக் கயிற்றில் 1924க்கும் 1947க்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறதோ, அதே இடம்தான் 1947க்கும் 1949க்கும் நடுவிலும் இருக்கிறது. இருபத்து மூன்று வருடமும் இரண்டு வருடமும் ஒரே நீளம். பிள்ளைகளுக்கு எது முன், எது பின் என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு முன் என்பது இன்னும் தெரியவில்லை. இவை இரண்டும் தனித்தனித் திறமைகள், தனித்தனியாகத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

[திரையில்: மூணாறு மலைச்சரிவு, தேயிலைத் தோட்டம், தமிழ்வழிப் பள்ளி ஒன்றின் வகுப்பறை.]

இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீர்மேடு பக்கம் தமிழில் படிக்கும் பிள்ளைகளுக்காக இந்தப் பாடத்தை அமைத்திருக்கிறோம். எடுத்துக்கொண்ட நிகழ்வுகளும் அந்த மண்ணுடையவைதான். கொல்லங்கோட்டிலோ பாறசாலையிலோ இருப்பவர்கள் தங்கள் ஊர் நிகழ்வுகளைப் போட்டுக்கொள்ளலாம், முறை ஒன்றுதான்.

தேவையானவை: ஐந்து மீட்டர் கயிறு, துணி காயப்போடும் கிளிப், அஞ்சலட்டை அளவில் அட்டைகள், மூன்று நிறத்தில் காகிதப் பட்டை, பிள்ளைகளின் பையில் இருக்கும் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல்.

[திரையில்: அட்டைகள் ஒவ்வொன்றாக மேசை மேல் விழுகின்றன.]

அட்டையின் முன்பக்கம் நிகழ்வை மட்டும் எழுதுங்கள், ஆண்டைப் பின்பக்கம் எழுதுங்கள். பெரியாறு அணைக்காகத் திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் குத்தகை ஒப்பந்தம், 1886. அணை திறப்பு, 1895. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு நீராவி ரயில், 1908. பெருவெள்ளம், 1924. இந்திய விடுதலை, 1947. திருவிதாங்கூர்–கொச்சி இணைப்பு, 1949. கேரள மாநிலம், 1956. இடுக்கி மாவட்டம், 1972. இடுக்கி நீர்மின் திட்டத் தொடக்கம், 1976.

முதல் சுற்றில் யாரும் அட்டையைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து எது முதலில் என்று பேசட்டும். நாம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "ஏன் அப்படிச் சொல்றீங்க?"

சிலவற்றை யோசித்தே சொல்லிவிடலாம். ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அணை கட்ட முடியும். அந்த வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது என்று கதை கேட்டிருக்கும் பிள்ளை, "ரயில் முதல்ல இருந்தாத்தானே டீச்சர் வெள்ளத்துல போகும்?" என்று கேட்கும். அந்த வாக்கியத்தை அப்படியே கரும்பலகையில் எழுதி வையுங்கள். வரிசைக்குக் காரணம் சொல்வது என்றால் என்ன என்று வகுப்பு முழுவதற்கும் அதிலிருந்தே புரியும்.

இன்னும் சிலவற்றுக்கு யோசனை மட்டும் போதாது. மாவட்டமா, மின் திட்டமா, எது முதலில்? "அணை வந்ததாலதான் மாவட்டத்துக்கு அந்தப் பேரு" என்று அடித்துச் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் சரியில்லை. இடுக்கி என்ற பெயர் அந்த இடத்துக்கு அணைக்கு முன்பே உண்டு. மாவட்டம் உருவானது 1972ல், மின் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 1976ல். நியாயமாகத் தோன்றும் காரணமும் தவறலாம், அதை ஆண்டைப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். இப்போது அட்டைகளைத் திருப்பச் சொல்லுங்கள்.

[திரையில்: கயிற்றில் மீட்டருக்கு ஒரு சீட்டு: 1880, 1900, 1920, 1940, 1960, 1980.]

சரி, இனி அளவு. கயிற்றின் தொடக்கம் 1880, முடிவு 1980. நூறு ஆண்டுக்கு ஐந்து மீட்டர். ஒரு மீட்டருக்கு இருபது ஆண்டு, ஓர் ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர். நாமே சொல்லிவிடாமல் பிள்ளைகளை வைத்துக் கணக்குப் போட வையுங்கள், கொஞ்சம் நேரம் பிடித்தாலும் பரவாயில்லை. சீட்டு ஆறு இருக்கிறது, இடைவெளி ஐந்துதான். சீட்டை எண்ணி "ஆறு இருபது, நூற்றிருபது வருஷம்" என்று சொல்லும் பிள்ளையைக் கயிற்றின் பக்கத்தில் கூப்பிட்டு, ஒவ்வொரு இடைவெளியாகக் கையை வைத்து எண்ணச் சொன்னால் சரியாகிவிடும்.

அணை திறப்பை மாட்டிப் பார்ப்போம். 1880லிருந்து 1895க்குப் பதினைந்து ஆண்டு. பதினைந்தை ஐந்தால் பெருக்கினால் எழுபத்தைந்து சென்டிமீட்டர். சரிபார்க்க மறுபக்கமிருந்தும் அளக்கலாம். 1900லிருந்து பின்னோக்கி ஐந்து ஆண்டு, அதாவது இருபத்தைந்து சென்டிமீட்டர். இரண்டு அளவும் ஒரே இடத்தில் வந்து நின்றால் அட்டை சரியான இடத்தில் இருக்கிறது.

[திரையில்: 1920 சீட்டை ஒட்டி வெள்ள அட்டை, மறுபடி அளந்து தள்ளி மாட்டப்படுகிறது.]

அடிக்கடி வரும் தவறு, ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளப்பது. 1924 என்றதும் 1920லிருந்து நான்கு சென்டிமீட்டரில் மாட்டிவிடுவார்கள். வர வேண்டியது இருபதில். பின்னால் நின்று பார்த்தாலே தெரியும், அட்டைகள் எல்லாம் சீட்டுகளை ஒட்டியே குவிந்திருக்கும், நடுக்கயிறு காலியாகக் கிடக்கும்.

1947ம் 1949ம் பத்து சென்டிமீட்டர் தள்ளி வருவதால் அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இடம் போதவில்லை என்று தள்ளி மாட்ட விடாதீர்கள். ஒன்றைக் கயிற்றுக்கு மேலே, மற்றதைக் கீழே மாட்டுங்கள். ஆண்டைக் காட்டுவது கிளிப் கவ்வும் புள்ளிதான், அட்டையின் ஓரம் அல்ல.

[திரையில்: 1887 முதல் 1895 வரை நாற்பது சென்டிமீட்டர் மஞ்சள் பட்டை.]

ஒரு நாளில் நடந்ததற்குப் புள்ளி போதும், வருடக்கணக்கில் நடந்ததற்கு நீளம் வேண்டும். பெரியாறு அணைக் கட்டுமானம் 1887ல் தொடங்கி 1895 வரை நடந்தது. அதற்கு நாற்பது சென்டிமீட்டர் பட்டை ஒட்டுங்கள். 1908 முதல் 1924 வரை ஓடிய நீராவி ரயிலுக்கு எண்பது சென்டிமீட்டர்.

குத்தகைக்கும் பட்டை வேண்டாமா என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். குத்தகைக் காலம் 999 ஆண்டு. நம் அளவில் கிட்டத்தட்ட ஐம்பது மீட்டர். கயிறு ஐந்து மீட்டர்தான். ஒரு பிள்ளை நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு வகுப்பை விட்டு வெளியே நடக்கட்டும், வராந்தாவைத் தாண்டி மைதானம் வரை போக வேண்டியிருக்கும். 999 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் இந்த அளவு பிடிபடாது. இந்தப் பாடத்தில் வேறு எதற்கு நேரம் இல்லாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

[திரையில்: கயிற்றுக்கு மேலே மூன்று நிறப் பட்டைகள்.]

அடுத்து ஆட்சிப் பட்டை. 1949 வரை, அதாவது தொடக்கத்திலிருந்து 345 சென்டிமீட்டர் வரை, திருவிதாங்கூர். அங்கிருந்து 380 வரை திருவிதாங்கூர்–கொச்சி. அதற்கப்புறம் கேரளம். "1924ல் இடுக்கி மாவட்டத்தில் வெள்ளம் வந்தது" என்று பிள்ளைகள் நோட்டில் எழுதுவது சகஜம். சிவப்பு மையில் அடிப்பதற்குப் பதிலாக, வெள்ள அட்டைக்கு நேர் மேலே இருக்கும் நிறத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அப்போது இடுக்கி மாவட்டமும் இல்லை, கேரள மாநிலமும் இல்லை என்று அவர்களே சொல்வார்கள். 1972க்கு முன் தேவிகுளம் கோட்டயம் மாவட்டத்தில் இருந்தது என்பதையும் அந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

[திரையில்: "99 வெள்ளம்" என்று எழுதிய அட்டை, ஒரு பிள்ளை அதை எங்கே மாட்டுவது என்று தேடுகிறான்.]

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. அந்த வெள்ளத்தை மலையாளத்தில் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றே சொல்வார்கள். பிள்ளைகள் வீட்டில் கேட்டுக்கொண்டு வருவதும் அதுதான். "99னா 1999 தானே டீச்சர்? கயிறு 1980லயே முடியுதே?" என்று வந்து நிற்பார்கள்.

அது கொல்லம் ஆண்டு 1099. கொல்லம் ஆண்டு தொடங்குவது ஆகஸ்ட் நடுவில், சிங்கம் மாதத்தில். ஜனவரியிலிருந்து அதுவரை வரும் மாதங்களுக்கு 825ஐக் கூட்ட வேண்டும், சிங்கத்திலிருந்து டிசம்பர் முடிய 824. வெள்ளம் வந்தது கர்க்கடக மாதம், நம் கணக்கில் ஆடி. அதாவது ஜூலை. ஆக 1099உடன் 825, மொத்தம் 1924. அட்டையின் பின்பக்கம் இரண்டு ஆண்டையும் எழுதி வையுங்கள். வீட்டில் தாத்தா சொல்லும் ஆண்டும் புத்தகத்தில் இருக்கும் ஆண்டும் ஒரே நிகழ்வுக்கு இரண்டு விதமாக இருக்கலாம், கயிற்றில் ஏறும்போது ஒரே கணக்குக்கு மாற்ற வேண்டும்.

[திரையில்: ஆண்டு எழுதாத இரண்டு அட்டைகள்.]

பிள்ளைகளுக்குக் காலக்கோடு வாசிக்க வந்துவிட்டதா என்று பார்க்க, மறுபடி வரிசைப்படுத்தச் சொல்லாதீர்கள், மனப்பாடத்திலேயே செய்துவிடுவார்கள். ஆண்டு இல்லாத அட்டையைக் கொடுங்கள். "நீராவி ரயிலில் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனுக்குப் போகின்றன." இதற்கு ஒரே புள்ளி கிடையாது, 1908க்கும் 1924க்கும் நடுவில் எங்கும் மாட்டலாம். "இந்த எண்பது சென்டிமீட்டருக்குள்ள எங்க வேணாலும் வரலாம்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது காலக்கோட்டை வாசிக்கிறது. 1908லேயே மாட்டிவிட்டு நகர மாட்டேன் என்றால் புள்ளிக்கும் நீளத்துக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் வரவில்லை, மஞ்சள் பட்டைக்குத் திரும்பிப் போங்கள்.

இரண்டாவது அட்டை: "ரயிலில் வேலை பார்த்தவர் தன் பேரனிடம் வெள்ளத்தைப் பற்றிச் சொல்கிறார்." இது 1924க்கு முன்னால் வர முடியாது. பின்னால் எவ்வளவு தூரம் போகலாம்? ஒரு மனிதரின் வயதைக் கயிற்றில் அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். 1908ல் அவருக்கு இருபது வயது என்று வைத்துக்கொண்டால் 1956ல் அறுபத்தெட்டு. கேரள மாநிலம் உருவானபோது அவர் உயிரோடு இருந்திருக்கலாம் என்பதைப் பிள்ளைகள் ஸ்கேலை வைத்துக் கண்டுபிடிக்கட்டும். 1976 அட்டையில் கொண்டுபோய் மாட்டினால் அவருக்கு எத்தனை வயது என்று மட்டும் கேளுங்கள்.