கேமரா எப்போது நகர வேண்டும்? சிங்கம், முயல், ஒரு கிணறு

வணக்கம் நண்பர்களே. போன வீடியோவில் சிங்கம் முயல் கதைக்கு ஸ்டோரிபோர்டு வரைந்துகொண்டிருந்தேன் அல்லவா, அது வரைந்த படங்களையே நேரக் கணக்கோடு ஓடவிடுகிற அனிமாட்டிக் ஆகி, படம் கேட்ட குழந்தைகள் சேனலுக்கும் போய்விட்டது. பதில் போன வாரம் வந்தது. ஒரே வரி. "எல்லா ஷாட்டிலும் கேமரா நகர்ந்துகொண்டே இருக்கட்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் வேறு வீடியோவுக்குப் போய்விடுவார்கள்." இந்த மாதிரி பேச்சு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது என்று உங்களுக்கே தெரியும். காரணமில்லாமல் கேமரா நகர்ந்தால், எதையோ காட்டப் போகிறார்கள் என்று பிள்ளை காத்திருக்கும். ஒன்றும் வராது. அதற்குள் கதை அடுத்த இடத்துக்குப் போயிருக்கும்.

கதை உங்களுக்குத் தெரியும், நேராகக் கிணற்றடிக்கே போகிறேன். சிங்கம் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறது, தன் நிழலை வேறு சிங்கம் என்று நினைத்துப் பாய்கிறது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது நிழல் என்பது பார்க்கிற பிள்ளைக்குத் தெரிய வேண்டும், சிங்கத்துக்குத் தெரியக் கூடாது. நிறையப் பேர் என்ன செய்கிறார்கள்? சிங்கம் குனிகிறது, கட், தண்ணீரில் கோபமான சிங்க முகம், குளோசப். கரையும் இல்லை, தண்ணீரின் விளிம்பும் இல்லை. என் அக்கா மகளிடம் இந்த மாதிரி ஒரு படத்தைச் சத்தமில்லாமல் போட்டுக் காட்டி, என்ன நடந்தது என்று கேட்டேன். "உள்ளே இன்னொரு சிங்கம் இருக்கு, சண்டை போடப் போகுது" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை, அந்த ஷாட்டில் இருப்பது அதுதான்.

நான் வைத்திருப்பது இப்படி. முதலில் ஒரு வைட். கிணற்றின் வட்டச் சுவர் நடுவில், இடப்பக்கம் சிங்கம், வலப்பக்கம் முயல். அடுத்து சிங்கத்தின் பிடரிக்குப் பின்னால் இருந்து கீழே பார்க்கும் சஜஷன் ஷாட். பிடரி, கிணற்றின் கரை, தண்ணீரில் தெரியும் முகம், மூன்றும் ஒரே ஃபிரேமில். இங்கே சிங்கம் தலையை ஒருமுறை சாய்க்கிறது, நிழலும் அதே ஃபிரேமில் சாய்கிறது. நிழல் இரண்டு மூன்று ஃபிரேம் பிந்தினாலும் அது தனி ஆளாகிவிடும். அதனால் தலையின் டைமிங்கை அப்படியே நகல் எடுத்துத்தான் நிழலுக்குப் போட்டேன். இது பிள்ளையின் மனதில் பதிந்த பிறகுதான் தண்ணீர் முகத்தின் குளோசப். இப்போது அந்தக் குளோசப் சிங்கத்தின் ஏமாற்றமாக மட்டும் நிற்கும், பார்க்கிறவர்கள் ஏமாற மாட்டார்கள். ஷாட்டின் அளவு முக்கியம்தான், ஆனால் எந்த ஷாட்டுக்குப் பிறகு வருகிறது என்பது அதைவிட முக்கியம்.

சரி, இப்போது அந்தப் பான் ஷாட் கதை. இதைச் சொல்லாமல் என்னால் இன்றைக்கு முடிக்க முடியாது. சிங்கமும் முயலும் காட்டு வழியே கிணற்றுக்கு நடக்கிற இடத்தில் கேமரா பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகிற ஒரு நீளமான பான் கண்டிப்பாக வேண்டும் என்று சேனலில் கேட்டார்கள். பான் என்றால் பேக்ரவுண்டு நீளமாக வேண்டும். பெயின்ட் செய்கிற தம்பி ஒரு திரை அகலத்துக்கு 1,500 ரூபாய் வாங்குகிறார், மூன்று திரை அகலத்துக்கு 4,500 ரூபாய். ஒரே ஒரு ஷாட்டுக்கு! முழுப் படத்தின் பட்ஜெட்டில் அது எவ்வளவு பெரிய துண்டு தெரியுமா? படம் அருமையாக வரைந்து கொடுத்தார், அதில் குறையே இல்லை. வரிசையாக நெட்டு மரங்கள், நடுவில் வெளிச்சம்.

ஓட்டிப் பார்த்தால் மரமெல்லாம் படபடவென்று துடிக்கிறது. கணக்கு போட்டால் காரணம் தெரிந்துவிடும். பின்னணிக் குரல் அந்த இடத்தில் 5 விநாடிதான் ஓடுகிறது. நாம் 24 ஃபிரேமில் செய்கிறோம், ஆக 120 ஃபிரேம். மூன்று திரை அகலத்தில் முதல் திரை தொடக்கத்திலேயே தெரிகிறது, அதனால் கேமரா கடக்க வேண்டியது இரண்டு திரை அகலம், 3,840 பிக்சல். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 32 பிக்சல் தாவுகிறது. ஒளிப்பதிவாளர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: பான் செய்யும்போது ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏறக்குறைய 7 விநாடி ஆக வேண்டும். 1920 பிக்சல் அகலத்தில் அது ஃபிரேமுக்குச் சுமார் 11 பிக்சல். நாம் அதைப் போல மூன்று மடங்கு வேகத்தில் போகிறோம். அதிலும் நெட்டுக்குத்தான மரம், கூரான விளிம்பு, இதைவிட மோசமாகத் துடிக்கிற படம் கிடைக்காது. பக்கவாட்டில் பிளர் கொடுக்கலாம், அல்லது நடக்கிற இருவரையும் திரையின் நடுவிலேயே நிறுத்தி, கண் அவர்களைப் பிடித்துக்கொள்ளும்படி செய்யலாம். இரண்டுமே துடிப்பைக் குறைக்கும், அடியோடு போக்காது. பிளர் கொடுத்தால் 4,500 ரூபாய்ப் படமும் கரைந்துவிடும்.

கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? அந்த நீளப் படத்தை மூன்றாக வெட்டி, மூன்று நிலையான வைட் ஷாட் ஆக்கிவிட்டேன். இருவரும் வலது ஓரத்தில் வெளியேறுகிறார்கள், அடுத்த ஷாட்டில் இடது ஓரத்தில் நுழைகிறார்கள். திசை மாறவே இல்லை, அதனால் ஒரே வழியில் தொடர்ந்து போகிறார்கள் என்று புரிகிறது. ஒரு ஷாட்டில் மட்டும் வலமிருந்து இடம் நடக்க வைத்திருந்தால், வீட்டுக்குத் திரும்புகிறார்கள் என்றுதான் தோன்றும். காசும் வீண் போகவில்லை, தூரமும் பான் ஷாட்டைவிட அதிகமாகத் தெரிகிறது. அனுப்பினேன், மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஒரு நிமிடம், முயலின் உயரத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். முயல் சிங்கத்தின் முழங்காலுக்குத்தான் வரும். இருவரையும் ஒரே ஃபிரேமில் முழுசாக வைத்தால், போனில் பார்க்கிறவர்களுக்கு முயலின் முகமே தெரியாது. ஆனால் கதை ஓடுவதே முயலின் முகத்தில்தான். அதனால் பேச்சுக் காட்சியில் முயலைக் கேமராவுக்குப் பக்கத்திலும் சிங்கத்தைப் பின்னாலும் வைத்தேன். கிணற்றடியில் முயல் சுவர்மேல் ஏறி நிற்கிறது. நம்முடைய வழக்கமான மஞ்சள் ஒட்டுத்தாள் சோதனையையும் செய்தேன்: ஒட்டுத்தாளில் தீப்பெட்டி அளவில் வரைந்த படத்தில் முயல் எங்கே பார்க்கிறது என்று தெரியாவிட்டால், அந்த ஷாட் இன்னும் கிட்டே போக வேண்டும்.

கேமராவே நகரவில்லையா என்றால், நகர்கிறது. ஒரே ஒரு இடத்தில். "இந்தக் காட்டுக்குத் தானே ராஜா என்கிறது அந்தச் சிங்கம்" என்று முயல் சொல்கிற இடம். சிங்கத்தின் மனம் மாறுவது அங்கேதான். மிட் ஷாட்டிலிருந்து முகத்தின் குளோசப் வரை 4 விநாடி, மெதுவான டிராலி. "ராஜா" என்ற சொல் விழுந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். முன்னாலேயே கிளம்பினால், அதிர்ச்சி வரப்போவதை நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். நின்ற பிறகும் 12 ஃபிரேம் அசையாமல் விட்டுத்தான் கட். ஓடிக்கொண்டிருக்கிற கேமராவை நடுவில் வெட்டினால் கண் தடுமாறும்.

இதையே முழுப் படத்தையும் மொத்தமாகப் பெரிதாக்கிச் செய்தால் போஸ்டரை முகத்துக்கு நேரே கொண்டுவந்த மாதிரி தட்டையாக இருக்கும். முன்னால் இருக்கிற புதர், சிங்கம், பின்னால் இருக்கிற மலை என்று லேயர் பிரித்து, புதரை வேகமாகவும் மலையை மிக மெதுவாகவும் பெரிதாக்க வேண்டும். டிஸ்னியில் 1937இல் கண்ணாடித் தட்டுகளை அடுக்கிவைத்து மல்டிபிளேன் கேமராவில் எடுத்ததும் இதே வேலைதான், நாம் மென்பொருளில் செய்கிறோம், அவ்வளவுதான். அப்புறம், முகம் இரண்டு மடங்கு பெரிதாகும் என்றால் சிங்கத்தை முதலிலேயே இரண்டு மடங்கு அளவில் வரைந்துவிடுங்கள். இல்லாவிட்டால் மிக முக்கியமான நொடியில் கோடெல்லாம் மங்கிப்போகும்.

பாய்கிற ஷாட் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. சிங்கத்தோடு சேர்ந்து கேமராவும் கிணற்றுக்குள் இறங்கட்டும் என்கிறார்கள். நான் வைட்டில் அசையாமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன்: சிங்கம் ஃபிரேமை விட்டுப் போகிறது, சுவர்மேல் முயல் மட்டும் இருக்கிறது. கேமரா உள்ளே போனால் முயல் ஃபிரேமிலேயே இருக்காது. இரண்டு விதமாகவும் அனிமாட்டிக் செய்து இந்த வாரம் அனுப்புகிறேன், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.